வெளியே ஈரம், அறைக்குள் வறட்சி: ஏஹெச்யூவுக்கு எத்தனை கிலோ நீராவி வேண்டும், மேனிஃபோல்டை எங்கே வைப்பது?

கேள்வி: நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தொழிற்சாலை. எலக்ட்ரோனிக் பலகை பொருத்தும் அறைக்கு 23 டிகிரியும் 55 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும், 5 கூடலாம் குறையலாம். காற்றைக் குளிர்வித்து அறைக்கு அனுப்பும் ஏஹெச்யூ மணிக்கு 10,000 கன மீட்டர். அதன் குளிர் காயிலை விட்டு வரும் காற்றை 11 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஃபேனுக்குப் பிறகு டக்டில் இருக்கும் மின் ஹீட்டர் அதை 16-க்குக் கொண்டுவருகிறது. அறை 44, 45-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஒரு குத்தகையாளர் “மலேசியாவில் ஹியூமிடிஃபயர் எதற்கு” என்கிறார். இன்னொருவர் மணிக்கு 60 கிலோ நீராவி தரும் கருவிக்கு விலை கொடுத்திருக்கிறார். எது சரி? காயிலுக்கும் ஃபேனுக்கும் நடுவே 600 மி.மீ. இடம் இருக்கிறது, நீராவியைக் காற்றுக்குள் விடும் குழாயான மேனிஃபோல்டை அங்கே மாட்டலாமா?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. இப்போது ஓடும் நிலையில் உங்களுக்கு மணிக்கு 23 கிலோ அளவுக்கு நீராவி தேவை. ஆனால் காயில் வெப்பநிலையைத் திருத்தினால் அது 6-லிருந்து 12 கிலோவுக்குள் வந்துவிடும். ஆகவே வாங்க வேண்டியது 15 கிலோ கருவி. மேனிஃபோல்டை அந்த 600 மி.மீ. இடத்தில் மாட்டவே கூடாது. ஹீட்டருக்குப் பிறகு டக்டில்தான் மாட்ட வேண்டும்.

குத்தகையாளர்கள் இருவரும் வழுக்கியது ஒரே இடத்தில். கணக்கை வெளிக்காற்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நம் ஊர் மதிய வெயிலில், 33 டிகிரியும் 65 விழுக்காடும் என்று வைத்தால், ஒரு கிலோ காற்றில் 20.8 கிராம் நீராவி இருக்கும். உங்கள் அறை கேட்பது 9.6 கிராம். தேவையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெளியே கிடக்கிறதே, ஹியூமிடிஃபயர் எதற்கு என்று முதலாமவர் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் காற்று காயிலைத் தாண்டாமல் அறைக்குள் வருவதில்லை. வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும், 11 டிகிரியில் வெளிவரும் காற்றில் 7.7 கிராம்தான் மிஞ்சும். மீதியெல்லாம் வடிகால் தட்டில் தண்ணீராகப் போய்விடுகிறது. அறைக்குக் கிடைப்பது அந்த 7.7 மட்டும்தான்.

60 கிலோ எப்படி வந்தது என்பது என் ஊகம், உறுதியாகச் சொல்ல முடியாது. குளிர்நாட்டுத் தயாரிப்பாளர்களின் தேர்வு மென்பொருளில் வெளிக்காற்று 5 டிகிரி, 85 விழுக்காடு என்பதுபோல ஏதாவது ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அந்தக் காற்றில் 4.6 கிராம்தான் நீராவி. 9.6-லிருந்து 4.6-ஐக் கழித்து, உங்கள் காற்றளவு முழுவதையும் வெளிக்காற்றாக எண்ணிப் பெருக்கினால் சொல்லிவைத்ததுபோல 60 வருகிறது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே வரும் காற்றின் நிலை என்று எதைப் போட்டீர்கள்? பதிலில் காயில் என்ற சொல் வரவில்லை என்றால் அந்த விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிடலாம்.

சரியான கணக்கு இவ்வளவுதான்:

```
W = 622 × pv / (101.3 − pv)
m = 1.2 × V × (W2 − W1) / 1000
```

முதல் வரியில் pv என்பது காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம், கிலோபாஸ்கலில். அந்த வெப்பநிலையின் பூரித அழுத்தத்தை, அதாவது காற்று முழுக்க நனைந்திருந்தால் நீராவிக்கு இருக்கும் அழுத்தத்தை, நீராவி அட்டவணையில் பார்த்து, ஈரப்பத விழுக்காட்டால் பெருக்கினால் அது கிடைக்கும். W என்பது ஒரு கிலோ உலர்ந்த காற்றுக்கு எத்தனை கிராம் நீராவி என்பது. இரண்டாவது வரியில் V காற்றளவு, மணிக்குக் கன மீட்டரில். m தான் மணிக்கு எத்தனை கிலோ நீராவி வேண்டும் என்ற விடை. 23 டிகிரியில் பூரித அழுத்தம் 2.81. அதில் 55 விழுக்காடு 1.546. அது தருவது 9.6 கிராம், இதுதான் W2. 11 டிகிரியில் பூரித அழுத்தம் 1.313. காயிலை விட்டு வரும் காற்று 95 விழுக்காடு நனைந்திருக்கிறது என்று கொண்டால் 7.7 கிராம், அது W1. வித்தியாசம் 1.9. உங்கள் 10,000 கன மீட்டர் ஏறக்குறைய 12,000 கிலோ காற்று. ஆக மணிக்கு 22.8 கிலோ, அதாவது 23.

இதில் ஆட்களின் வியர்வையையும் மூச்சையும் நான் கழிக்கவில்லை. உட்கார்ந்து கைவேலை செய்யும் ஒருவர் மணிக்கு 100 கிராம் அளவில் ஈரம் விடுவார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாகும்போது அந்த உதவியும் இருக்காது. அதனால் அதைத் தள்ளிவிடுவதே பாதுகாப்பு.

காயிலை விட்டு வரும் காற்று 95 விழுக்காடு என்பது என் அனுமானம்தான். வரிசை குறைந்த காயிலாக இருந்தாலோ, காயிலின் ஓரத்தில் காற்று நழுவிப் போனாலோ அது 90-க்கு இறங்கும். அப்படி இறங்கினால் விடை 23-லிருந்து 27-க்கு ஏறிவிடும். இந்த இடத்தில் உங்கள் அறையே சாட்சி சொல்கிறது. ஈரம் சேர்க்கும் கருவி எதுவும் இப்போது இல்லை. கதவு மூடி, ஆள் இல்லாத நேரத்தில் அறைக் காற்றில் இருக்கும் நீராவியும் காயிலை விட்டு வந்த காற்றில் இருக்கும் நீராவியும் ஒன்றாகத்தான் இருக்கும். 23 டிகிரியில் 44 விழுக்காடு என்றால் 7.7 கிராம். நான் அட்டவணையிலிருந்து எடுத்ததும் உங்கள் அறை காட்டுவதும் பொருந்துகின்றன. காயிலுக்குப் பின்னால் சென்சாரைத் தொங்கவிட்டு அளப்பதைவிட இது நம்பகமானது. அங்கே காற்று பூரிதத்தை ஒட்டியே இருப்பதால் சென்சார் நனைந்து பொய் சொல்லும்.

ஆனால் அறைச் சென்சார் சரியா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அது 3 விழுக்காடு தப்பாகக் காட்டினால் உங்கள் கணக்கில் மணிக்கு 6 கிலோ பிசகும். செலவில்லாத வழி ஒன்று உண்டு. மூடியுள்ள ஒரு சிறிய டப்பாவில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சிறிது தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரையாமல் கட்டியாக மிஞ்ச வேண்டும். சென்சாரின் முனை உப்பில் படாமல் டப்பாவுக்குள் இருக்கும்படி வாயை இறுக்கி அடைத்து, வெப்பம் மாறாத இடத்தில் சில மணி நேரம் விட்டால் 75 விழுக்காடு காட்ட வேண்டும். 71 காட்டுகிறது என்றால் கணக்குப் போடுவதற்கு முன் சென்சாரை மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 23 கிலோ என்பது சரியான விடை, ஆனால் தப்பான நிலைமைக்கான விடை. உங்கள் அறையின் பனிநிலை, அதாவது அந்தக் காற்று தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 13.5 டிகிரி. காற்றை 11-க்கு இறக்கும்போது அறைக்குத் தேவையான ஈரத்தையும் சேர்த்துப் பிழிந்து எடுத்துவிடுகிறீர்கள். பிறகு ஹீட்டரால் சூடாக்குகிறீர்கள். அதற்குப் பிறகு, பிழிந்ததைத் திரும்ப ஊற்ற நீராவி கேட்கிறீர்கள். மின்சாரத்தில் நீராவி எடுக்கக் கிலோவுக்கு 0.75 கிலோவாட் ஆகும். 23 கிலோவுக்கு 17 கிலோவாட். ஃபேன் தரும் ஒரு டிகிரியைக் கழித்தால் ஹீட்டர் 4 டிகிரி ஏற்ற வேண்டும், அது 13 கிலோவாட். இந்த 30 கிலோவாட்டும் பெரும்பாலும் சில்லர் செய்த வேலையை அழிக்கத்தான் போகிறது.

காயிலை விட்டு வரும் காற்றை 11-க்குப் பதிலாக 13.5 டிகிரியில் நிறுத்துங்கள். அதே 95 விழுக்காட்டில் அந்தக் காற்று 9.2 கிராம் சுமந்து வரும். ஒரு சொட்டு நீராவி சேர்க்காமலேயே அறை 52 விழுக்காட்டில் நிற்கும். 55-க்குக் கொண்டுபோக மணிக்கு 6 கிலோ போதும். காயில் 90 விழுக்காட்டில்தான் விடுகிறது என்றாலும் 12 கிலோவுக்குள் முடிந்துவிடும். நான் 15 கிலோ கருவி என்று சொன்னது இதை வைத்துத்தான்.

அறை அளவு மீறி ஈரமாகிவிடுமோ என்ற பயம் வரலாம். 13.5 டிகிரியில் காற்று முழுக்க நனைந்து வந்தாலும் அது சுமக்கக்கூடியது 9.65 கிராம்தான். 23 டிகிரி அறையில் அது 55 விழுக்காடு. அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் ஆட்களாலோ, சரக்கு இறக்கும் கதவைத் திறந்து போட்டு மழைக்காற்றை உள்ளே விட்டதாலோதான் ஏற முடியும். எனவே கன்ட்ரோலரில் ஈரப்பதம் 58-ஐத் தொட்டால் காயில் வெப்பநிலையைப் படிப்படியாக 11 வரை இறக்கவும், 52-க்குக் கீழே போனால் மட்டும் ஹியூமிடிஃபயரைத் திறக்கவும் சொல்லிவிடுங்கள். நடுவில் உள்ள அந்த இடைவெளியை யாரும் குறைக்க விடாதீர்கள். குறைத்தால் ஒரு பக்கம் காயில் பிழிய, மறுபக்கம் ஹியூமிடிஃபயர் ஊற்ற, அறை மட்டும் 55-இல் அழகாக நிற்கும். மின்கட்டணம் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

காயிலை உயர்த்துவதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. குளிரூட்டும் கையிருப்பு குறைகிறது. இப்போது ஹீட்டர் முழுவதும் அணைந்தால் 12 டிகிரிக் காற்று கிடைக்கும், அது அறையின் 37 கிலோவாட் வெப்பத்தைச் சமாளிக்கும். 13.5-க்கு உயர்த்திய பிறகு, ஃபேனின் ஒரு டிகிரியும் சேர்ந்து, கிடைக்கும் மிகக் குளிர்ந்த காற்று 14.5. அதனால் 28 கிலோவாட்தான் எடுக்க முடியும். உங்கள் இயந்திரங்களின் உண்மையான வெப்பம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் ஹீட்டருக்குத் தெரியும். எல்லா இயந்திரங்களும் ஓடும் பகல் ஷிப்டில், வெயில் உச்சத்தில், ஹீட்டரின் ஆம்பியரை கிளாம்ப் மீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டரை டிகிரிக்கான வெப்பம் 8.4 கிலோவாட். 415 வோல்ட் மூன்று ஃபேஸில் அது ஃபேஸுக்கு 12 ஆம்பியர் அளவில் வரும். அந்த மோசமான நேரத்திலும் சராசரி 12-க்குக் குறையவில்லை என்றால் தாராளமாக 13.5-க்குப் போகலாம். 7 ஆம்பியர்தான் இருக்கிறது என்றால் ஒன்றரை டிகிரிதான் உங்கள் கையில் உண்டு, 12.5-இல் நின்றுகொள்ளுங்கள். அங்கே தேவை 12 கிலோவுக்குச் சற்று மேலே வரும். காயில் 90 விழுக்காட்டில் விட்டால் 18-ஐ எட்டும். அப்படியானால் 20 கிலோ கருவி எடுப்பது நல்லது.

ஒரே நாளில் 13.5-க்குத் தாவ வேண்டாம். அரை அரை டிகிரியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். அரை டிகிரிக்கு அறை ஈரப்பதம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காயிலின் மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு வேறு வெப்பநிலையில் இருக்கின்றன, சென்சார் ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காயில் முகப்பு முழுவதும் பாம்புபோல் வளைத்துக் கட்டும் சராசரிச் சென்சாருக்கு மாற்றுங்கள். இந்த வேலையை ஹியூமிடிஃபயருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் செய்வதுதான் முறை. எத்தனை கிலோ வேண்டும் என்பதை அறையே உறுதி செய்துவிடும்.

பெரிதாக வாங்கிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மின்முனை உருளை வைத்த ஹியூமிடிஃபயர்கள் பொதுவாகத் தங்கள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நிதானமாக ஓடாது. 60 கிலோ கருவியின் ஐந்தில் ஒரு பங்கு 12 கிலோ. உங்களுக்குப் பெரும்பாலான நேரம் தேவை 6. அது போடும், அணைக்கும், போடும், அணைக்கும். அணைத்த பிறகும் உருளையிலுள்ள கொதிநீர் சிறிது நேரம் ஆவி விடும். 55-இல் நிற்க வேண்டிய அறை மேலும் கீழும் ஊசலாடும். 15 கிலோ கருவியின் கீழ் எல்லை 3 கிலோ, அது 6-இல் அமைதியாக ஓடும்.

இனி மேனிஃபோல்ட். காயிலுக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள காற்று ஏற்கெனவே 95 விழுக்காடு நனைந்தது. அதற்குள் நீராவியைச் செலுத்தினால் அது காற்றில் கலக்காது, அங்கேயே மூடுபனியாகி ஃபேன் சக்கரத்திலும் பெல்ட்டிலும் பேரிங்கிலும் சொட்டும். கருவியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அறை ஈரப்பதம் அசையாது. எண்ணால் சொன்னால் இன்னும் தெளிவாகும். இப்போதைய நிலையில் ஃபேனைத் தாண்டிய 12 டிகிரிக் காற்று சுமக்கக்கூடிய உச்சம் 8.7 கிராம். உங்களுக்கு வேண்டியது 9.6. ஹீட்டருக்கு முன்னால் எங்கே வைத்தாலும் இந்த 0.9 கிராம் ஏறவே ஏறாது. காயிலுக்கு முன்னால் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அங்கே காற்று சூடாக இருப்பதால் நீராவி நன்றாகக் கரையும், அடுத்த நொடியே காயில் அதைப் பிழிந்து வடிகாலுக்கு அனுப்பிவிடும்.

ஹீட்டருக்குப் பிறகு 16 டிகிரியில் நிலைமை வேறு. அங்கே 9.6 கிராம் என்பது 85 விழுக்காடு. இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. அதனால்தான் உறிஞ்சும் தூரத்தை, அதாவது மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் வெண்புகை கண்ணுக்கு மறையும் வரை உள்ள நீளத்தை, கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நீளத்துக்குள் வளைவு, கிளைக் குழாய், டேம்பர், சென்சார் எதுவும் இருக்கக் கூடாது. எதில் பட்டாலும் அது நனையும், நனைந்தது சொட்டும். காற்று குளிர்ந்திருந்தாலும், ஏற்கெனவே நனைந்திருந்தாலும், வேகமாகப் போனாலும் இந்தத் தூரம் நீளும். கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் சூடான, உலர்ந்த காற்றுக்கானது. தயாரிப்பாளரிடம் 16 டிகிரிக்கு, உள்ளே 80 விழுக்காடு, வெளியே 85 விழுக்காடு என்று எழுதிக்கொடுத்து அந்த நிலைக்கான தூரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு மதிப்பீட்டுக்கு உங்கள் டக்ட் அகலம் 900, உயரம் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். காற்று வினாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேலே ஓடும். குறுக்கே ஒற்றைக் குழாய் மாட்டினால் இத்தகைய குளிர்ந்த ஈரக் காற்றில் இரண்டு மூன்று மீட்டர் நேர்டக்ட் கேட்கும். பல மெல்லிய குழாய்களை நெருக்கமாக நிறுத்திய பலகை வகை மேனிஃபோல்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகலாம். இந்த எண்கள் இடம் தேடும்போது கையில் வைத்துக்கொள்ள மட்டும்தான், வாங்கும்போது தயாரிப்பாளர் தரும் எண்ணே செல்லும். ஹீட்டருக்குப் பிறகு 4 மீட்டர் நேராகக் கிடைத்தால், ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மேனிஃபோல்டை வையுங்கள். சூடு பரவி டக்ட் முழுவதும் ஒரே வெப்பநிலையாக அந்த ஒரு மீட்டர் உதவும். மீதி 3 மீட்டர் நீராவிக்கு. நேர்நீளம் 2 மீட்டர்தான் என்றால் ஒற்றைக் குழாயை மறந்துவிட்டுப் பலகை வகைக்குப் பணம் செலவழியுங்கள். டக்டின் முடிவில் நுண்வடிகட்டி இருந்தால் அதற்கும் மேனிஃபோல்டுக்கும் குறைந்தது 3 மீட்டர் விடுவது வழக்கம். புகை உணர்வி டக்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரையாத நீராவியை அது புகை என்று நினைத்து மணியடித்து எல்லோரையும் வெளியே ஓட வைக்கும்.

டக்டில் ஈரம் அளவு மீறினால் நீராவியை நிறுத்தும் உச்ச ஈரப்பத ஸ்விட்ச் பல இடங்களில் தகராறு செய்கிறது. மேனிஃபோல்டுக்கு 3 மீட்டருக்கு அப்பால் டக்டில் அதை மாட்டி, தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய 80 அல்லது 85-இல் அப்படியே விட்டுவிடுவார்கள். உங்கள் டக்ட் சாதாரணமாகவே 85-இல்தான் ஓட வேண்டும். அந்த ஸ்விட்ச் அடிக்கடி நீராவியை நிறுத்திவிட, அறை 50-ஐத் தாண்டாது. கருவி சிறியது என்று பழி விழும். 90-இல் வையுங்கள். அறையில் வெப்பம் ஏறி, ஹீட்டர் அணைந்து, காற்று 14.5-க்கு இறங்கும் நேரத்தில் ஸ்விட்ச் குறுக்கிட்டு நீராவியைக் குறைக்கும். அது நல்லதுதான். காயில் 13.5-இல் இருப்பதால் நீராவி இல்லாமலேயே அறை 52-இல் நின்றுகொள்ளும். காற்று ஓட்டம் நின்றால் நீராவியும் நிற்க ஓட்ட ஸ்விட்ச் ஒன்றும் தொடர்ச்சியில் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள காற்று 30 டிகிரிக்கு மேல், அதன் பனிநிலை 24 டிகிரி அளவில். 16 டிகிரி டக்டின் காப்புறையில் ஒரு கிழிசல் இருந்தால் வெளிப்புறம் வியர்த்துக் கொட்டும். மறுநாள் உட்கூரைப் பலகையில் கறை தெரிந்ததும் ஹியூமிடிஃபயரைக் குற்றம் சொல்வார்கள். ஹியூமிடிஃபயரை அணைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். அப்போதும் சொட்டினால் அது காப்புறைக் கோளாறு. இங்கே டக்டின் சுவர் உள்ளிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வழியில்லை. ஆகவே உட்புறம் நனைகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்றுதான். நீராவி கரைவதற்கு முன் தகட்டில் மோதுகிறது, அல்லது காற்று 13.5-க்குக் கீழே போய்விட்டது.

கருவியிலிருந்து மேனிஃபோல்ட் வரை செல்லும் நீராவிக் குழாய் குட்டையாகவும், எங்கும் தொய்ந்து தண்ணீர் தேங்காமல் ஒரே சரிவாகவும் இருக்கட்டும். தொய்வில் தேங்கிய நீர் திடீரென்று மேனிஃபோல்ட் வழியாகத் துப்பும். வடிநீர்க் குழாயில் போடும் யூ வளைவின் உயரம் டக்டின் அழுத்தத்தை வெல்ல வேண்டும். 500 பாஸ்கல் அழுத்தம் 51 மி.மீ. நீருக்குச் சமம், எனவே 150 மி.மீ. உயரம் கொடுங்கள். இல்லையென்றால் டக்டின் காற்று வடிகால் வழியே ஊதிக்கொண்டிருக்கும். வடிவது கொதிநீர் என்பதால் சாதாரண பிவிசி குழாய் வேண்டாம்.

தண்ணீரையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். மின்முனை வகைக் கருவிகள் தண்ணீரிலுள்ள உப்பு வழியாகத்தான் மின்சாரம் கடத்துகின்றன. கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமென்ஸுக்கு அருகிலோ கீழேயோ இருந்தால் புதிய உருளை முழு அளவை எட்ட வெகு நேரம் எடுக்கும். முதல் நாள் 15 கிலோ வரவில்லை என்று சண்டை வருவது இதனால்தான். எலக்ட்ரோனிக் அறை என்பதால் வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது மின்முனை வகைக்கு ஒத்துவராது. ஆர்ஓ நீர்தான் என்று முடிவானால் உள்ளே மின் சூட்டுக்கம்பி வைத்த வகையைக் கேளுங்கள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும், மேனிஃபோல்டுக்கு எதிரே டக்டின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைக்கச் சொல்லுங்கள். அறையின் வெப்பத்தை ஏற்றி, காற்று அதன் மிகக் குளிர்ந்த நிலைக்கு இறங்கும் நேரத்தில், ஸ்விட்சுக்கு எட்டாத அளவுக்கு நீராவியைக் கையால் ஏற்றி இருபது நிமிடம் ஓட விடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெண்புகை எங்கே மறைகிறது என்று தெரியும். அந்த இடத்தை டக்டின் வெளியே குறித்துவிட்டு, பிறகு கருவியை நிறுத்தி, அதற்கு அப்பால் உள்ள ஆய்வுக் கதவைத் திறந்து அடித்தகட்டைக் கையால் தடவுங்கள். கை ஈரமானால் குத்தகையாளருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.